பாலச் சுற்றில் வந்த −0.61 வோல்ட்: டைசெட், கட்செட் அணிகளோடு இரண்டு நாட்கள்

கணினித் திரையில் நான்காவது கிளையின் மின்னழுத்தம் −0.61 வோல்ட் என்று வந்தது. மேசையில் இருந்த மல்டிமீட்டர் அதே ரெசிஸ்டரில் 5.5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்சுற்றில் இருப்பது ஒரே ஒரு மின்மூலம், மீதி எல்லாம் ரெசிஸ்டர். அப்படிப்பட்ட சுற்றில் எந்தச் சந்தியும் மின்மூலத்தின் எதிர்முனையைவிடக் கீழே போக முடியாது. ஆகவே தவறு என்னுடையது என்பதில் சந்தேகமே இல்லை. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு மாலையும் மறுநாள் காலையும் செலவாயின.

அண்ணன் மகள் மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், "கண்ணிச் சமன்பாடு எழுதும்போது ஒவ்வொரு முறையும் ஒரு குறி மாறிவிடுகிறது சித்தப்பா" என்றாள். எனக்கும் கல்லூரி நாட்களில் அதே வியாதிதான். படத்தைப் பார்த்துக் கண்ணளவில் சமன்பாடு எழுதினால், மூன்று முறை எழுதினால் மூன்று விடை வரும். சுற்றைச் சந்திகளும் அவற்றை இணைக்கும் கிளைகளும் மட்டுமே கொண்ட ஒரு கோட்டுருவாக மாற்றி, டைசெட் அணியும் கட்செட் அணியும் எழுதி, மீதியைப் பெருக்கலிடம் விட்டுவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் பிரெட்போர்டில் சுற்றையும் கட்டி, கணக்கும் மீட்டரும் ஒத்துப்போவதைக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

எடுத்துக்கொண்டது வீட்ஸ்டோன் பாலம். பெயர் அவருடையது என்றாலும் 1833இல் இதை முதலில் விவரித்தவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டோன் பத்து ஆண்டுகள் கழித்து அதைப் பரப்பினார். சமநிலையில் இருக்கும் பாலத்தில் நடுக்கிளையில் மின்னோட்டமே இருக்காது, கணக்கும் சுவைக்காது. அதனால் வேண்டுமென்றே சமநிலை இல்லாத மதிப்புகளைத் தேர்ந்தெடுத்தேன். க, ச, ட, த என்று நான்கு சந்திகள். ஆறு கிளைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி:

```
கிளை   எங்கிருந்து → எங்கே   மதிப்பு
 1        த → க         9 V, தொடரில் 0.47 kΩ
 2        க → ச         1.0 kΩ
 3        க → ட         2.2 kΩ
 4        ச → த         4.7 kΩ
 5        ட → த         1.5 kΩ
 6        ச → ட         3.3 kΩ
```

அம்புக்குறியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வரையலாம். மின்னோட்டம் உண்மையில் எதிர்த்திசையில் ஓடினால் விடை எதிர்மறைக் குறியோடு வரும், அவ்வளவுதான். ஆனால் ஒருமுறை வரைந்துவிட்டால் பிறகு மாற்றக் கூடாது. இந்த அட்டவணையை ஒரு தனித்தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

அடுத்தது மரம். எல்லாச் சந்திகளையும் இணைக்க வேண்டும், ஆனால் எங்கும் கண்ணி மூடக் கூடாது. அப்படித் தேர்ந்தெடுத்த கிளைகளின் கூட்டம் மரம். நான்கு சந்திக்கு மூன்று கிளை போதும். நான் எடுத்தது 2, 6, 5. அதாவது க-விலிருந்து ச-வுக்கும், ச-விலிருந்து ட-வுக்கும், ட-விலிருந்து த-வுக்கும் போகும் ஒரே நீளப்பாதை. மரத்தில் சேராமல் வெளியே நிற்கும் 1, 3, 4 ஆகிய மூன்றையும் இணைப்புக் கிளைகள் என்பார்கள். மரத்தின் மேல் ஓர் இணைப்புக் கிளையைப் போட்டால் சரியாக ஒரே ஒரு கண்ணி மூடும். அந்தக் கண்ணியில் இருக்கும் கிளைகளின் கூட்டம்தான் டைசெட். எத்தனை கண்ணிச் சமன்பாடு வேண்டும், அவை ஒன்றையொன்று சாராதவையா என்ற கேள்விகள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன: ஒவ்வொரு கண்ணியிலும் வேறு எந்தக் கண்ணியிலும் இல்லாத ஓர் இணைப்புக் கிளை இருக்கிறது. 1845இல் மாணவராக இருந்தபோதே தம் இரண்டு விதிகளையும் வெளியிட்ட கிர்க்காஃப், இந்தக் கேள்விக்கு விடை கண்டது 1847இல்.

இப்போது ஒவ்வொரு கண்ணியையும் நடந்து பார்க்க வேண்டும். நடை எப்போதும் இணைப்புக் கிளையின் அம்புத் திசையில் தொடங்கும். முதல் இணைப்பு 1. த-விலிருந்து க-வுக்கு ஏறுகிறேன். திரும்பி த-வுக்கு வர மரத்தின் வழியாகத்தான் போக வேண்டும்: 2, 6, 5. மூன்றும் அம்பின் திசையிலேயே வருகின்றன, ஆகவே எல்லாம் +1. அடுத்த இணைப்பு 3. க-விலிருந்து ட-வுக்குப் போய், 6இன் அம்புக்கு எதிராக ச-வுக்கும், 2இன் அம்புக்கு எதிராக க-வுக்கும் திரும்புகிறேன், இரண்டும் −1. மூன்றாவது இணைப்பு 4. ச-விலிருந்து த-வுக்கு இறங்கி, 5 வழியாக ட-வுக்கும், 6 வழியாக ச-வுக்கும் வருகிறேன்.

இந்த மூன்றாவது நடையில்தான் சறுக்கினேன். த-வில் நின்றுகொண்டு 5ஆம் கிளையைப் பார்த்தபோது, அதன் அம்புமுனை என் காலடியில் வந்து முடிந்தது. "நான் நிற்கும் இடத்துக்கு வருகிறது, ஆகவே நேர்க்குறி" என்று கை தானாகவே +1 எழுதிவிட்டது. கேட்க வேண்டிய கேள்வி அம்பு எங்கே முடிகிறது என்பதல்ல. நான் போகும் வழியும் அம்பும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்பதுதான். நான் த-விலிருந்து ட-வுக்குப் போகிறேன், அம்பு ட-விலிருந்து த-வுக்கு வருகிறது. −1 என்று இருந்திருக்க வேண்டும். அன்று மாலை இது எனக்குத் தெரியாது.

சரியான டைசெட் அணி இது. இணைப்புக் கிளைகளை முன்னால் வைத்ததால் இடப்பக்கம் அலகு அணி தானாக வந்திருக்கிறது:

```
கிளை       1   3   4    2   5   6
கண்ணி 1    1   0   0    1   1   1
கண்ணி 3    0   1   0   -1   0  -1
கண்ணி 4    0   0   1    0  -1  -1
```

இந்த அணியை B என்போம். இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கிடைவரிசையாகப் படித்தால் மின்னழுத்த விதி கிடைக்கும்: கண்ணி 3இல் v3 − v2 − v6 = 0. நெடுவரிசையாகப் படித்தால் மின்னோட்டம் கிடைக்கும். ஆறாவது கிளையின் நெடுவரிசை 1, −1, −1. ஆகவே நடுக்கிளையில் ஓடுவது முதல் கண்ணி மின்னோட்டத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்த மீதி. ஒரே அணி இரண்டு வேலையையும் செய்வதால்தான் கண்ணிச் சமன்பாட்டின் கெழுக்கள் `B R Bᵀ` என்ற பெருக்கலில் மொத்தமாக வந்துவிடுகின்றன. R என்பது மூலைவிட்டத்தில் ஆறு மின்தடைகளையும் வைத்த அணி.

பெருக்கலைக் கணினியிடம் கொடுப்பதற்கு முன் ஓர் உறுப்பையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. கண்ணி 3க்கும் கண்ணி 4க்கும் பொதுவான கிளை 6 மட்டுமே. இரண்டிலும் அதன் குறி −1, பெருக்கினால் +1. ஆக, அந்த இடத்தில் +3.3 வர வேண்டும். அண்ணன் மகள் உடனே தடுத்தாள். "வகுப்பில் மூலைவிட்டத்துக்கு வெளியே எல்லாம் எதிர்க்குறி என்றுதானே சொன்னார்கள்?" அவள் சொன்னது சமதளப் படத்தில் எல்லா ஜன்னல்களையும் ஒரே கடிகாரத் திசையில் சுற்றும்போது பொருந்தும் விதி. அங்கே பக்கத்துக் கண்ணிகள் பொதுக் கிளையை எதிரெதிராகக் கடக்கும். மரத்திலிருந்து எடுத்த கண்ணிகள் ஜன்னல்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. நம்முடைய முதல் கண்ணி 1, 2, 6, 5 என்று இரண்டு ஜன்னல்களை ஒன்றாக வளைத்துக்கொண்டு போகிறது. மனப்பாட விதியை இங்கே கொண்டுவந்து அந்த +3.3ஐ −3.3 என்று "திருத்துவது" பலரும் செய்யும் பிழை. குறியை அணிதான் சொல்ல வேண்டும்.

நிரல் சிறியது. அலகுகள் கிலோஓம், மில்லிஆம்பியர், வோல்ட்:

```python
import numpy as np
# கிளை வரிசை: 1 3 4 2 5 6
R = np.diag([0.47, 2.2, 4.7, 1.0, 1.5, 3.3])
e = np.array([9, 0, 0, 0, 0, 0])
B = np.array([[1, 0, 0,  1,  1,  1],
              [0, 1, 0, -1,  0, -1],
              [0, 0, 1,  0, -1, -1]])
il = np.linalg.solve(B @ R @ B.T, B @ e)
i = B.T @ il
print(i)
print(R @ i)
```

இங்கே கொடுத்திருப்பது திருத்திய B. அன்று மாலை கடைசி வரியில் 5இன் இடத்தில் −1க்குப் பதில் 1 இருந்தது. வந்த விடையில் நடுக்கிளை ரெசிஸ்டரில் 3.16 வோல்ட். மீட்டரோ 2.06 என்றது. 4ஆம் கிளையில் அந்த −0.61.

முதலில் பழியைப் போட்டது பிரெட்போர்டின் மீது. பழைய போர்டு, சில துளைகளில் பிடிமானம் தளர்ந்திருந்தது. ஒவ்வொரு காலையும் பிடுங்கி மறுபடி செருகினேன். பிறகு ரெசிஸ்டர்களைக் கழற்றி ஒவ்வொன்றாக அளந்தேன். சுற்றில் இருக்கும்போதே அளந்தால் மற்றப் பாதைகளும் பக்க இணைப்பாகச் சேர்ந்துகொண்டு பொய் மதிப்பு காட்டும்; ஆகவே கழற்றித்தான் அளக்க வேண்டும். எல்லாம் ஐந்து சதவீத வரம்புக்குள் ஒழுங்காக இருந்தன. மின்மூலமும் 9.00 வோல்ட்டில் அசையாமல் நின்றது.

அணியின் மேல் சந்தேகம் வராததற்குக் காரணம், அதை நான் "சரிபார்த்து" விட்டேன் என்ற நம்பிக்கை. டைசெட் அணி B-க்கும் கட்செட் அணி Q-வுக்கும் இடையே ஓர் அழகான உறவு உண்டு: ஒன்றை மற்றதன் இடமாற்று அணியால் பெருக்கினால் எல்லா இடத்திலும் பூஜ்யம் வரும், `B Qᵀ = 0`. காரணம் எளிது. கட்செட் என்பது சந்திகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கும் ஒரு வெட்டு. ஒரு கண்ணி அந்த எல்லையை எத்தனை முறை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டுகிறதோ அத்தனை முறை திரும்பி வந்தாக வேண்டும். நான் அந்தப் பெருக்கலைச் செய்திருந்தேன், சுத்தமான பூஜ்யங்கள் வந்திருந்தன.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே அண்ணன் மகள் கேட்டாள். "Q அணியை எப்படி எழுதினீர்கள்?"

"B-யிலிருந்துதான். மரக்கிளைப் பகுதியை இடமாற்றிக் குறியை மாற்றினால் Q வந்துவிடுமே."

"அப்படியானால் B தவறாக இருந்தாலும் பூஜ்யம்தானே வரும்? திருடனையே காவலுக்கு வைத்திருக்கிறீர்கள் சித்தப்பா."

அவள் சொன்னது முழுக்க உண்மை. B-யை [அலகு | F] என்று பிரித்தால், நான் Q-வை [−Fᵀ | அலகு] என்று எழுதியிருந்தேன். பெருக்கினால் −F + F. F-இல் என்ன குப்பை இருந்தாலும் பூஜ்யம்தான். அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை.

சோதனைக்கு நிற்கும் அணி வேறு வழியாக வந்திருக்க வேண்டும். அதற்குத்தான் மேசையில் ஒட்டிய தாள். எந்தக் கிளை எந்தச் சந்தியிலிருந்து எந்தச் சந்திக்கு என்ற அட்டவணையிலிருந்து நேராகச் சந்தி அணி ஒன்றை உருவாக்கலாம். கிளை புறப்படும் சந்தியில் +1, போய்ச் சேரும் சந்தியில் −1. இதில் மரமும் இல்லை, நடையும் இல்லை, தவறு செய்யும் வாய்ப்பும் குறைவு:

```python
# க=0 ச=1 ட=2 த=3
pairs = [(3,0), (0,2), (1,3), (0,1), (2,3), (1,2)]
A = np.zeros((4, 6))
for k, (p, q) in enumerate(pairs):
    A[p, k], A[q, k] = 1, -1
print(A @ B.T)
```

பழைய B-யோடு ஓட்டியதும் வந்தது இது:

```
        கண்ணி 1  கண்ணி 3  கண்ணி 4
க          0        0        0
ச          0        0        0
ட          0        0        2
த          0        0       -2
```

இந்த விடை தவறு இருக்கிறது என்று சொல்வதோடு நிற்கவில்லை, விலாசத்தையும் தருகிறது. பூஜ்யமில்லாத நெடுவரிசை எந்தக் கண்ணி என்று சொல்கிறது: நான்காவது. பூஜ்யமில்லாத கிடைவரிசைகள் ட, த. அந்த இரண்டையும் இணைக்கும் கிளை 5. எண் 2 என்பதால் குறி தலைகீழாகியிருக்கிறது. கிளை விடுபட்டிருந்தால் 1 வந்திருக்கும். ஒரு மாலை முழுக்கத் தேடியதை ஐந்து வரி நிரல் காட்டிக்கொடுத்துவிட்டது. குறியை மாற்றினேன், பன்னிரண்டு இடத்திலும் பூஜ்யம்.

திருத்திய பிறகு வந்த எண்கள்:

```
கிளை   மின்னோட்டம் (mA)   மின்தடையின் குறுக்கே (V)
 1         3.529             1.659
 2         1.794             1.794
 3         1.735             3.818
 4         1.180             5.548
 5         2.349             3.523
 6         0.613             2.024
```

பயன்படுத்தாத ஒரு கண்ணியில் கூட்டிப் பார்த்தேன். 1, 2, 4 வழியாகப் போகும் பெரிய சுற்று எங்கள் பட்டியலில் இல்லை. 1.659 + 1.794 + 5.548 = 9.001, கடைசி இலக்கம் முழுமையாக்கியதால் வந்த மிச்சம்.

மீட்டர் 2.06 என்றது, கணக்கு 2.02 என்கிறது. அந்த 0.04 வோல்ட்டையும் விட மனமில்லை. ரெசிஸ்டர்களை முன்தினம் கழற்றி அளந்த மதிப்புகள் கையில் இருந்தன: 0.468, 0.992, 2.24, 4.65, 1.48, 3.27 கிலோஓம். அவற்றை R அணியில் போட்டு மறுபடி ஓட்டினேன். B-யைத் தொடவே வேண்டாம்; சுற்றின் வடிவம் மாறவில்லை, மதிப்புகள்தான் மாறின. நடுக்கிளையில் 2.056 வோல்ட் வந்தது. வடிவமும் மதிப்பும் தனித்தனி அணிகளில் இருப்பதன் வசதி இது. நடுக்கிளை மின்னோட்டத்தை மீட்டரை உள்ளே செருகி அளக்காமல், மின்னழுத்தத்தை அளந்து ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தேன். மின்னோட்ட வரம்பில் மீட்டருக்கென்று ஒரு மின்தடை உண்டு. மைக்ரோஆம்பியர் வரம்புகளில் அது பாலத்தின் கணக்கையே கெடுக்கும் அளவுக்கு இருக்கும்.

கணக்கைப் பூட்டி வைப்பதற்கு முன் இன்னொரு சோதனை செய்து பார்த்தோம். எல்லா மின்தடையையும் 1 என்று வைத்தால் `B Bᵀ` கிடைக்கும். அதன் அணிக்கோவை, அந்தக் கோட்டுருவில் மொத்தம் எத்தனை மரங்கள் உண்டோ அத்தனை. எங்கள் நான்கு சந்திகளில் ஒவ்வொரு சோடியும் ஒரு கிளையால் இணைந்திருக்கிறது; அப்படி n சந்தி இருந்தால் மரங்களின் எண்ணிக்கை n-இன் n−2ஆம் அடுக்கு என்பது கேய்லியின் பெயரில் வழங்கும் சூத்திரம். நான்கின் இரண்டாம் அடுக்கு 16. திருத்திய அணிக்கு 16 வந்தது, தவறான அணிக்கு 20. இதுவும் B-க்கு வெளியிலிருந்து வரும் சாட்சி. ஆனால் எங்கே தவறு என்று சொல்லாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் சொல்லும். நம்பகமான காவலாளி சந்தி அணிதான்.

கட்செட் பக்கம் போகும்போது காலையே பாதி முடிந்திருந்தது. டைசெட்டில் இணைப்புக் கிளை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். இங்கே மரக்கிளையை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். ஒரு மரக்கிளையை வெட்டினால் மரம் இரண்டு துண்டாகும். இந்தத் துண்டிலிருந்து அந்தத் துண்டுக்குப் போகும் எல்லாக் கிளைகளும் சேர்ந்ததுதான் கட்செட். இந்த முறை Q-வை B-யிலிருந்து எடுக்காமல் படத்திலிருந்தே எழுதினோம். எழுதியவள் அண்ணன் மகள்.

2ஐ வெட்டினால் ஒரு பக்கம் க மட்டும், மறுபக்கம் மீதி மூன்றும். 5ஐ வெட்டினால் த தனியாகப் பிரிகிறது. இவை இரண்டும் சாதாரணச் சந்திச் சமன்பாடுகளே. சுவையானது 6. அதை வெட்டினால் க, ச ஒரு பக்கமும் ட, த மறுபக்கமும் நிற்கின்றன. பென்சிலால் படத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தாள். அது 6, 3, 4, 1 ஆகிய நான்கு கிளைகளையும் வெட்டிச் சென்றது. 6இன் திசையையே நேர்த்திசையாக வைத்தால் 3, 4 அதே பக்கம், 1 எதிர்ப்பக்கம்:

```
கிளை       1   3   4    2   5   6
வெட்டு 2  -1   1   0    1   0   0
வெட்டு 5  -1   0   1    0   1   0
வெட்டு 6  -1   1   1    0   0   1
```

கடைசி வரி சொல்வது: 3, 4, 6 வழியாக இடமிருந்து வலம் போகும் மின்னோட்டம் முழுவதும் 1 வழியாகத் திரும்பி வருகிறது. எந்த ஒரு சந்தியையும் பற்றிய செய்தியல்ல இது; இரண்டு சந்திகளை ஒரு பைக்குள் போட்டுக் கட்டிய கணக்கு. இப்போது கையால் எழுதிய Q-வை B-யோடு பெருக்கினோம். பூஜ்யம் வந்தது. இந்த முறை அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் இரண்டும் இரண்டு பேர் கையில், இரண்டு வழியில் எழுதப்பட்டவை.

தெரியாக் கணியங்கள் மூன்று மரக்கிளை மின்னழுத்தங்கள். எல்லாக் கிளை மின்னழுத்தங்களும் `Qᵀ`-யால் அவற்றிலிருந்து கிடைத்துவிடும். மின்தடைகளின் தலைகீழிகளை மூலைவிட்டத்தில் வைத்த அணி G. சமன்பாடு `Q G Qᵀ v = −Q G e`. முதல் கிளையின் 9 வோல்ட்டை 0.47ஆல் வகுத்தால் 19.149 மில்லிஆம்பியர், அந்தக் கிளை மூன்று வெட்டுகளிலும் −1 என்று இருப்பதால் வலப்பக்கத்தில் மூன்று வரியிலும் +19.149 நிற்கிறது:

```
3.582 v2 + 2.128 v5 + 2.582 v6 = 19.149
2.128 v2 + 3.007 v5 + 2.340 v6 = 19.149
2.582 v2 + 2.340 v5 + 3.098 v6 = 19.149
```

இங்கும் எல்லாம் நேர்க்குறி. சந்திச் சமன்பாட்டில் பழகிய கண்ணுக்கு இது உறுத்தும். அங்கே பக்கத்துச் சந்திக்கு எதிர்க்குறி வரும், காரணம் மாறிகள் எல்லாம் ஒரே பூமிச் சந்தியிலிருந்து அளந்த அழுத்தங்கள். இங்கே மாறிகள் ஒரு பாதையில் வரிசையாக நிற்கும் கிளைகளின் அழுத்தங்கள். தீர்த்ததும் v2 = 1.794, v5 = 3.523, v6 = 2.024. கண்ணி வழியில் வந்த அதே எண்கள்.

"சந்திச் சமன்பாடு தனிப்பாடமா, இதுவேதானா?" என்று கேட்டாள். மரத்தை மாற்றி எழுதச் சொன்னேன். 1, 4, 5 மூன்றும் த-வில் கூடுகின்றன. அவற்றை மரமாக வைத்தால் ஒவ்வொரு வெட்டும் ஒரு சந்தியைத் தனியாக்கும். வருவது வகுப்பில் படித்த சந்திச் சமன்பாடேதான், சில வரிகளில் அம்பின் திசையால் குறி தலைகீழாக இருக்கும். தனக்கென்று ஒரு மரத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்ட கட்செட் முறை என்று அதைச் சொல்லலாம்.

கடைசியாக ஒரு குறும்பு செய்தாள். 0.47 கிலோஓம் ரெசிஸ்டரைப் பிடுங்கிவிட்டு மின்மூலத்தை நேராகப் பாலத்தில் இணைத்தாள். டைசெட் நிரல் எதையும் கண்டுகொள்ளவில்லை. R அணியில் முதல் இடத்தில் பூஜ்யம் போட்டதும் விடை சொன்னது. கட்செட் நிரல் மட்டும் பூஜ்யத்தால் வகுக்கிறாய் என்று எச்சரித்துவிட்டு எண்ணல்லாத எதையோ கொட்டியது. தொடர் மின்தடை இல்லாத மின்னழுத்த மூலத்துக்குத் தலைகீழி கிடையாது. நிரலில் 0.000001 என்று போட்டு ஏமாற்றலாம்; பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பெரிய எண்ணும் சிறிய எண்ணும் ஒரே அணியில் கலந்தால் கடைசி இலக்கங்கள் தேய்ந்துபோகும்.

மரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லை. மின்னழுத்த மூலம் இருக்கும் கிளை மரத்தில் இருக்க வேண்டும். அப்போது அந்த மரக்கிளையின் அழுத்தம் தெரிந்த ஒன்று. மாறியும் குறைகிறது, அதன் வெட்டுச் சமன்பாட்டையும் எழுத வேண்டாம். மின்னோட்ட மூலத்துக்கு இதன் மறுதலை: அதை இணைப்புக் கிளையாக வைக்க வேண்டும், அந்தக் கண்ணி மின்னோட்டம் தெரிந்ததாகிவிடும். என் நீளப்பாதை மரத்தில் 1 வெளியே நின்றதுதான் சிக்கல். 1, 4, 5 மரத்துக்கு மாறினோம். க-வின் அழுத்தம் 9 வோல்ட் என்று தெரியும். மீதி இரண்டு சமன்பாடுகள், தாளிலேயே தீர்த்துவிடலாம். ச 6.801, ட 4.319, இடையே 2.482 வோல்ட்.

அவள் வேறொரு வழியிலும் அதை உறுதி செய்தாள். முன்பு பாலத்துக்குக் கிடைத்தது 7.341 வோல்ட், நடுக்கிளையில் 2.024. இப்போது பாலத்துக்கு முழு 9 வோல்ட். 2.024ஐ 9ஆல் பெருக்கி 7.341ஆல் வகுத்தால் 2.481, அணியே இல்லாமல் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிட்டாள். அளந்த ரெசிஸ்டர் மதிப்புகளைப் போட்டால் 2.520 வர வேண்டும் என்று தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு மீட்டர் முனைகளை வைத்தாள். 2.52 என்று நின்றது.